வளரிளம் பருவ ரத்தசோகை தீசிஸ்: ஆய்வு வினா, நோக்கங்கள், கருதுகோள்கள் குறித்து நீலகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தலைப்பு "நீலகிரி மாவட்ட வளரிளம் பெண்களிடையே ரத்தசோகை". இதை ஆய்வு வினாவாக எழுதி வரும்படி கைடு சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பில் உள்ள "வளரிளம்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது வரை நீள்கிறது. ஆனால் ரத்தசோகையைத் தீர்மானிக்கும் ஹீமோகுளோபின் எல்லை இந்த வயதுக்குள் ஒரே அளவாக இல்லை. 11 வயது வரை டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12 முதல் 14 வயது வரை எல்லை 12 கிராம். 15 வயது முதல் பெண்களுக்கு 12 கிராமே நீடிக்க, ஆண்களுக்கு அது 13 கிராமாக உயர்கிறது. ஆறாம் வகுப்புச் சிறுமியையும் பிளஸ் டூ மாணவியையும் ஒரே கூட்டமாக வைத்தால், பூப்பெய்தாதவரும் மாதவிலக்கில் இரும்புச்சத்தை இழப்பவரும் கலந்துவிடுவார்கள், முடிவு யாரைப் பற்றியது என்று சொல்ல முடியாமல் போகும். ஆகவே 15 வயது நிறைவடைந்த, 18 வயதுக்குட்பட்ட பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவியர் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ரத்தசோகையைப் பற்றி எதை அறியப் போகிறீர்கள் என்பது. எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது ஒரு தீசிஸ், எதனோடு சேர்ந்து இருக்கிறது என்பது இன்னொன்று, எதைச் செய்தால் குறைகிறது என்பது மூன்றாவது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் (2019–21) நாடு முழுவதிலும் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பது பதிவாகியுள்ளது. "எத்தனை பேர்" என்பதை மட்டும் இன்னொரு முறை எண்ணுவதால் கிடைக்கும் புதுச் செய்தி குறைவு என்பது என் கருத்து. நீலகிரியில் இருப்பவருக்கு இங்கேயே கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அது டீ. இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டுதான் விளக்குகிறேன். அதன் ஆய்வு வினாவின் முதல் வரைவு இப்படி இருக்கும்:

"நீலகிரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் 15 முதல் 18 வயதுக்குட்பட்ட மாணவியரில், உணவோடு அல்லது உணவு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் டீ குடிக்கும் வழக்கம் உள்ளவர்களிடையே ரத்தசோகையின் பரவல், அவ்வழக்கம் இல்லாதவர்களிடையே உள்ள பரவலிலிருந்து வேறுபடுகிறதா?"

இதில் யார், எங்கே, எந்தக் காரணி, யாரோடு ஒப்பீடு, எந்த விளைவு என்ற ஐந்தும் இருக்கின்றன. "வேறுபடுகிறதா" என்று முடிவதால், ஆம் அல்லது இல்லை என்று தரவு பதில் சொல்ல முடியும். "ரத்தசோகைக்கான காரணங்கள் யாவை?" என்று எழுதினால் தரவால் அப்படிப் பதில் சொல்ல இயலாது.

இங்கே டீ குடிக்காத வீடே இல்லையே. எல்லாரும் குடிக்கிறபோது யாரை யாரோடு ஒப்பிடுவது?

"டீ குடிப்பீர்களா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆம் என்பார்கள், ஒப்பிட ஆள் இருக்காது. அதனால்தான் வினாவில் டீயை விட்டு, டீ குடிக்கும் நேரத்தைக் காரணியாக வைத்தோம். இதற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. டீயிலுள்ள பாலிஃபீனால்கள் குடலில் கீரை, பருப்பு, ராகி போன்றவற்றிலிருந்து வரும் இரும்புச்சத்தோடு பிணைந்து, அது ரத்தத்தில் சேராமல் தடுக்கின்றன. இறைச்சியில் உள்ள ஹீம் வகை இரும்பை அவை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. உணவோடு டீ குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்குவதை ஒரு வேளை உணவைக் கொண்டு செய்த பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தடை வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஒரு வேளை உணவில் காணப்படும் இந்த இழப்பு, ஆண்டுக்கணக்கில் ரத்தசோகையாகத் திரள்கிறதா என்பது வேறு கேள்வி. உடல் தன் இருப்பு குறையும்போது உறிஞ்சுதலைக் கூட்டிக்கொள்ளும். இந்த இடைவெளிதான் உங்கள் தீசிஸுக்கான இடம்.

"வழக்கம்" என்ற சொல்லையும் அளந்து வையுங்கள். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ, நாளுக்கு ஒரு வேளையாவது, முக்கிய உணவோடு அல்லது உணவு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் டீ குடித்தால் "வழக்கம் உண்டு" என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாள் என்பது நாம் வைக்கும் எல்லைதான். வேறு எண் வைத்தாலும் தவறில்லை, ஆனால் தரவு சேகரிக்கும் முன்பே வைத்திருக்க வேண்டும்.

கேட்கும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. "சாப்பாட்டோடு டீ குடிப்பாயா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனெனில் சோற்றோடு டீயை யாரும் வைத்துக்கொள்வதில்லை. "நேற்றுக் காலை என்ன சாப்பிட்டாய், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பஸ் ஏறும் வரை என்ன குடித்தாய்?" என்று நேற்றைய நாளை வரிசையாக நடத்திச் சென்று கேட்டால், அதே பெண் இட்லி முடிந்ததும் ஒரு டம்ளர் டீ குடித்ததைச் சொல்வாள். கூடலூர்ப் பக்கம் கட்டன் சாயா என்றும் கேட்க வேண்டும். டீ என்றால் பால் டீ மட்டும்தான் என்று நினைத்து, பால் கலக்காததைக் கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஊட்டியில் எடுத்த ஹீமோகுளோபினையும் கூடலூரில் எடுத்ததையும் அப்படியே ஒரே அட்டவணையில் போடலாமா?

போடக் கூடாது. சமவெளியிலிருந்து வரும் தீசிஸ்களைப் பார்த்து எழுதுபவர்கள் தவறவிடும் இடம் இது. கடல் மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் கூடுதல் ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. எனவே மலையில் வாழ்பவரின் அளவு, இரும்புச்சத்து குறைந்திருக்கும்போதும் சமவெளி எல்லைக்கு மேலே நிற்கலாம். இதற்காக, அளந்த எண்ணிலிருந்து உயரத்துக்கேற்ற ஒரு தொகையைக் கழித்துவிட்டு, அதன் பிறகே 12 கிராம் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீட்டர் வரை 1.1 கிராமும், 2,000 முதல் 2,499 மீட்டர் வரை 1.4 கிராமும் கழிக்க வேண்டும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரிலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரிலும், கூடலூர் ஏறத்தாழ 1,070 மீட்டரிலும் இருக்கின்றன. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று வெவ்வேறு கழிவுகள் வந்துவிடுகின்றன.

ஒரு மாணவியின் அளவு 13.0 என்று கொள்வோம். அவள் உதகையில் வாழ்பவளாக இருந்தால் 1.4 கழித்து 11.6, அதாவது லேசான ரத்தசோகை. கூடலூரில் வாழ்பவளாக இருந்தால் 0.8 கழித்து 12.2, ரத்தசோகை இல்லை. குன்னூரில் வாழ்பவளுக்கு 1.1 போக 11.9, எல்லைக்குச் சற்றுக் கீழே. கழிக்காமல் எழுதினால் மூவருமே நலமானவர்கள். இதற்கு முந்தைய 2011ஆம் ஆண்டு அட்டவணையில் கழிவுகள் சிறியவை: 1,000 மீட்டருக்கு 0.2, 1,500க்கு 0.5, 2,000க்கு 0.8. அதைக் கொண்டு பார்த்தால் உதகைப் பெண்ணுக்கு 12.2 வந்து, அவளும் நலமானவளாகிவிடுகிறாள். எந்த அட்டவணை என்பதை எழுதாத தீசிஸில் "ரத்தசோகை" என்ற சொல்லுக்கே பொருள் உறுதிப்படவில்லை.

இது பரவல் விகிதத்தோடு நின்றுவிடும் சிக்கலும் அன்று. உதகையில் குளிருக்காக உணவை அடுத்து டீ குடிக்கும் வழக்கம் கூடலூரைவிட அதிகமாக இருக்குமானால், உயரத்தைச் சரிசெய்யாத கணக்கில் டீ குடிப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடுதலாகத் தெரியும். டீ ரத்தசோகையைத் தடுக்கிறது என்பது போன்ற முடிவு வரும், ஆனால் அந்தக் கூடுதல் மலையின் உயரம் தந்தது.

பள்ளி இருக்கும் உயரத்தை எடுப்பதா, வீடு இருக்கும் உயரத்தை எடுப்பதா என்றும் கேட்கிறார்கள். பல மாதங்களாக உறங்கி எழும் இடத்தின் உயரத்தையே எடுங்கள். மசினகுடியிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் உதகைக்கு வந்து படிப்பவளின் உடல் உதகை உயரத்துக்கு முழுமையாகப் பழகியிருக்காது. விடுதியில் தங்கியிருந்தால் விடுதியின் உயரம். வினாத்தாளில் ஊர்ப் பெயரையும் அங்கே எவ்வளவு காலமாக வாழ்கிறார் என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும், உயரத்தைப் பிறகு வரைபடத்தில் பார்த்து நிரப்பலாம்.

அளக்கும் முறையையும் வரையறையில் சேருங்கள். இயன்றால் சிரை ரத்தமே நல்லது. விரல் நுனியில் குத்தி எடுப்பதாக இருந்தால், ஜனவரி மாதக் காலையில் உதகைப் பிள்ளைகளின் விரல்கள் குளிர்ந்து கிடக்கும், ரத்தம் எளிதில் வராது. விரலைப் பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். கையை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டுப் பிறகு எடுக்க வேண்டும். குளிர்ந்த ஊரில் ஒரு முறையும் வெப்பமான ஊரில் இன்னொரு முறையும் கையாண்டால், இரண்டு ஊர்களுக்கும் இடையே காணும் வேறுபாடு ரத்தத்தினுடையதா கைகளினுடையதா என்று பிரிக்க முடியாது.

குறைந்தது ஐந்து நோக்கங்கள் எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டுதான் வருகிறது.

இரண்டோ மூன்றோ போதும். முதன்மை நோக்கம் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆய்வு வினா எதைக் கேட்கிறதோ அதற்கு நேரான வேலையாக அது இருக்க வேண்டும். மாதிரி எண்ணிக்கையும் அதை வைத்தே கணக்கிடப்படும். நம் எடுத்துக்காட்டில் அதை இப்படி எழுதலாம்:

"உணவோடு அல்லது உணவு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் டீ குடிக்கும் வழக்கத்துக்கும், உயரத்துக்கேற்பச் சரிசெய்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக இருப்பதற்கும் உள்ள தொடர்பை, நீலகிரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளின் 15 முதல் 18 வயதுக்குட்பட்ட மாணவியரிடம் மதிப்பிடுதல்."

துணை நோக்கம் ஒன்று, இம்மாணவியரிடம் ரத்தசோகையின் பரவலையும் லேசானது, மிதமானது, கடுமையானது என்ற அதன் நிலைகளையும் கணித்தல். இன்னொன்று, மாதவிலக்கின்போது ஏற்படும் ரத்தப்போக்கின் அளவு, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்ளுதல், இறைச்சி உண்ணும் தடவைகள், குடற்புழு மாத்திரை, வீட்டின் பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் முதன்மைத் தொடர்பு நீடிக்கிறதா என்று ஆராய்தல். பள்ளிகளில் தரப்படும் நீல நிற மாத்திரையை "வாங்கினாயா" என்று கேட்காமல் "கடந்த நான்கு வாரங்களில் எத்தனை மாத்திரை விழுங்கினாய்" என்று கேளுங்கள். வாங்கியதெல்லாம் விழுங்கப்படுவதில்லை.

சினாப்சிஸ்களில் அடிக்கடி காணப்படும் "மாணவியரிடையே விழிப்புணர்வை ஏற்படுத்துதல்", "ரத்தசோகையைக் குறைத்தல்" ஆகியவை இந்த வகை ஆய்வின் நோக்கங்களாக ஆக மாட்டா. ஒரே நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வரும் குறுக்குவெட்டு ஆய்வில் எதுவும் குறைக்கப்படுவதில்லை. ஆய்வின் முடிவில் நீங்கள் உடல்நலக் கல்வி வகுப்பு எடுப்பது நல்ல காரியம்தான், அதைச் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாக எழுதலாம். ஒரு நோக்கத்தைப் படித்ததும் அதற்கான வெற்று அட்டவணையை உங்களால் வரைய முடிகிறதா என்று பாருங்கள். வரிசைக்கும் பத்திக்கும் தலைப்பு எழுத முடியவில்லை என்றால் அந்த நோக்கம் இன்னும் உருப்பெறவில்லை.

சூன்யக் கருதுகோளையும் மாற்றுக் கருதுகோளையும் சரியாக எப்படி எழுதுவது?

முதன்மை நோக்கத்திலிருந்து எழுதுவோம்.

H0: நீலகிரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளின் 15 முதல் 18 வயதுக்குட்பட்ட மாணவியரில், உணவை அடுத்து டீ குடிக்கும் வழக்கம் உள்ளவர்களிடையே ரத்தசோகையின் பரவலும் அவ்வழக்கம் இல்லாதவர்களிடையே அதன் பரவலும் சமம். குறியீட்டில் p1 = p2.

H1: அவ்விரு பரவல்களும் சமமல்ல. குறியீட்டில் p1 ≠ p2.

இங்கே p1, p2 இரண்டும் நீங்கள் பார்க்கப்போகும் சில நூறு பேரின் விகிதங்கள் அல்ல, மாவட்டத்தின் எல்லா அரசுப் பள்ளி மாணவியரையும் சேர்த்த விகிதங்கள். மாதிரியில் இரண்டு விகிதங்கள் சமமா இல்லையா என்பதை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம், அதற்குக் கருதுகோள் தேவையில்லை. இதனால்தான் நர்சிங் தீசிஸ்களில் வழக்கமாக எழுதப்படும் "குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கும்" என்ற வாசகம் பொருந்தாது. "குறிப்பிடத்தக்க" என்பது மாதிரியைச் சோதித்த பிறகு வரும் புள்ளியியல் முடிவு. மக்கள்தொகையில் தொடர்பு இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவே. உங்கள் கல்லூரியின் படிவமே அந்தச் சொல்லை வற்புறுத்தினால் கைடோடு சண்டை போட வேண்டாம், எழுதிக்கொடுத்துவிடுங்கள். ஆனால் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வர் கேட்டால் இந்த விளக்கத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கவும் கூடாது. "சமம்" என்று ஒன்றும் "டீ குடிப்பவர்களிடம் அதிகம்" என்று மற்றொன்றும் எழுதினால், குறைவாக இருக்கும் நிலை எதிலும் சேராமல் நிற்கும். அதேபோல H0இல் "தொடர்பு இல்லை" என்று எழுதிவிட்டு H1இல் "டீ ரத்தசோகையை உண்டாக்குகிறது" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். முன்னது தொடர்பைப் பேசுகிறது, பின்னது காரணத்தைப் பேசுகிறது. ஒன்றை மறுத்தால் மற்றது கிடைக்கும்படி அவை அமையவில்லை.

டீ இரும்புச்சத்தைத் தடுக்கும் என்று தெரிந்ததுதானே? ஒருபக்கக் கருதுகோள் வைத்தால் மாதிரியும் குறையுமே?

மாதிரி குறையும் என்பது உண்மை, ஆனால் அந்தக் காரணத்துக்காக ஒருபக்கம் வைக்கக் கூடாது. எதிர்த்திசையில் முடிவு வந்தாலும் அது தற்செயலுக்குச் சமம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்பவருக்குத்தான் ஒருபக்கச் சோதனை பொருந்தும். நம் ஆய்வில் எதிர்த்திசை நிகழ வழி இருக்கிறது. ரத்தம் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லப்பட்ட பெண்ணிடம் வீட்டில் டீயை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அப்போது ரத்தசோகை உள்ளவர்கள் "குடிக்காதவர்" பக்கம் போய்ச் சேர்வார்கள், டீ குடிப்பவர்களிடம் ரத்தசோகை குறைவு என்று கணக்கு காட்டும். காரணமும் விளைவும் ஒரே நாளில் அளக்கப்படும் ஆய்வில் இந்தத் தலைகீழ்த் தொடர்பை முற்றிலும் விலக்க முடியாது. "ரத்தம் குறைவு என்று யாராவது சொன்னதால் டீயை மாற்றிக்கொண்டாயா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து, ஆம் என்றவர்களை நீக்கியும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு கருதுகோள் வேண்டுமா?

வேண்டாம். பரவலைக் கணிக்கும் நோக்கத்தில் ஒப்பீடு எதுவும் இல்லை, அங்கே விகிதமும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியும் போதும். "ரத்தசோகையின் பரவல் அதிகமாக இருக்கும்" என்று ஒரு கருதுகோளை வலிந்து எழுதினால், எதைவிட அதிகம் என்ற கேள்வி வரும்.

மாதிரி எண்ணிக்கைக்கும் கருதுகோளுக்கும் என்ன தொடர்பு? சூத்திரத்தில் பரவலை மட்டும் போட்டுத்தானே எல்லாரும் கணக்கிடுகிறார்கள்?

பரவலை மட்டும் போடும் சூத்திரம், பரவலைக் கணிப்பதே முதன்மை நோக்கமாக இருக்கும் ஆய்வுக்கு உரியது. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாகக் கருதுகோள் எழுதிவிட்டு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் ஆய்வுக்கு இரண்டு தலைகள் முளைத்துவிடும். இரண்டு விகிதங்களை ஒப்பிடுவதற்கு, ஒரு குழுவுக்கு வேண்டியவர்கள்:

n = (1.96 + 0.84)² × [p1(1 − p1) + p2(1 − p2)] ÷ (p1 − p2)²

இதில் 1.96 என்பது 5 சதவீத இருபக்கப் பிழைக்கும், 0.84 என்பது 80 சதவீத ஆற்றலுக்கும் உரியவை. வழக்கம் உள்ளவர்களிடம் 55 சதவீதம், இல்லாதவர்களிடம் 40 சதவீதம் என்று எதிர்பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 7.84ஐ 0.4875ஆல் பெருக்கி 0.0225ஆல் வகுத்தால் 169.9, அதாவது குழுவுக்கு 170 பேர். மாணவியரைப் பள்ளி பள்ளியாகத் தேர்ந்தெடுப்பதால் ஒரே பள்ளியில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். அதற்காக 1.5 மடங்கு கூட்டினால் குழுவுக்கு 255, மொத்தம் 510. இரண்டு குழுக்களும் சம அளவில் கிடைக்காவிட்டால் இன்னும் கூடுதலானவர்கள் தேவைப்படுவார்கள். இதைச் சிறிய முன்னோட்ட ஆய்விலேயே தெரிந்துகொள்ளலாம்.

இந்த 15 புள்ளி வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் எத்திக்ஸ் கமிட்டியில் கேட்கப்படும் கேள்வி. உண்மையான வேறுபாடு 55க்கும் 50க்கும் இடையிலானதாக மட்டும் இருந்தால், அதே சூத்திரம் பள்ளிக் கொத்துகளுக்காகக் கூட்டுவதற்கு முன்பே குழுவுக்கு 1,561 பேரைக் கேட்கும், ஒரு முதுகலை மாணவரால் அது ஆகாது. 510 பேரைக் கொண்டு 15 புள்ளி அளவிலான வேறுபாட்டைத்தான் நம்பகமாகக் காண முடியும், அதைவிடச் சிறியதைத் தவறவிட வாய்ப்புண்டு என்று சினாப்சிஸிலேயே எழுதிவிடுவது நல்லது.

பழங்குடி மாணவியரில் அரிவாள் செல் நோய் இருக்குமே. அவர்களை விலக்கிவிடலாமா?

சமூகத்தின் பெயரைச் சொல்லி யாரையும் விலக்காதீர்கள். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 1952இல், இதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். பணியர், இருளர், குறும்பர் முதலிய சமூகங்களில் அது காணப்படுகிறது. ஆனால் அச்சமூகங்களில் பெரும்பாலானோருக்கு நோய் இல்லை. மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களுக்கு அதனால் வழக்கமாக ரத்தசோகை வருவதும் இல்லை. விலக்க வேண்டியவர், பரிசோதனையில் நோய் உறுதியானவர் மட்டுமே. அவர் பணியராக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. டீ ரத்தசோகையை உண்டாக்குமானால் இரும்புச்சத்து வழியாகத்தான் உண்டாக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைவோ இரும்பு, ஃபோலேட், பி12 குறைபாடு, கிருமித்தொற்று, மரபு நோய் எனப் பல வழிகளில் வரும். ஹீமோகுளோபினை மட்டும் விளைவாக வைத்தால் டீயோடு தொடர்பில்லாத ரத்தசோகைகளும் இரண்டு குழுக்களிலும் கலந்து, உண்மையான வேறுபாட்டை மங்கச் செய்யும். செலவுக்கு வழி இருந்தால் ஃபெரிட்டினையும் பார்த்து, லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைவானதை இரும்புச்சத்துக் குறைபாடு என்று கொள்ளலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் சி-ரியாக்டிவ் புரதமும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். வழி இல்லையென்றால் வினாவிலும் கருதுகோளிலும் "ரத்தசோகை" என்றே நிறுத்துங்கள். எங்கேயும் "இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை" என்று நழுவிவிடாதீர்கள். தலைப்பில் ஒன்றும் முடிவுரையில் இன்னொன்றுமாக இந்தச் சொல் மாறியிருப்பதை வெளித்தேர்வர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

p மதிப்பு 0.14 வந்தது. "H0 ஏற்றுக்கொள்ளப்பட்டது, டீக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பில்லை" என்று எழுதலாமா?

எழுத வேண்டியது "H0ஐ நிராகரிக்க இயலவில்லை" என்பது. குழுவுக்கு 255 பேரில், வழக்கம் உள்ளவர்களிடம் 52 சதவீதமும் இல்லாதவர்களிடம் 44 சதவீதமும் வந்ததாகக் கொள்வோம். பள்ளிக் கொத்துகளுக்கான 1.5 மடங்கையும் கணக்கில் எடுத்தால், 8 புள்ளி வேறுபாட்டின் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ −2.6 முதல் 18.6 வரை வரும், p மதிப்பும் 0.14ஐ ஒட்டியே இருக்கும். இந்த இடைவெளிக்குள் சுழியும் இருக்கிறது, நீங்கள் எதிர்பார்த்த 15 புள்ளியும் இருக்கிறது. அதாவது தொடர்பே இல்லாமல் இருக்கலாம், எதிர்பார்த்த அளவுக்கே இருக்கவும் செய்யலாம், இரண்டில் எது என்று இந்தத் தரவால் பிரிக்க முடியவில்லை. p மதிப்பை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு இது தெரியாது, ஆகவே இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள்.

இடைவெளி −3 முதல் 4 வரை மட்டும் வந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தரவைப் பார்த்தபோது டீயைவிட மாதவிலக்கு ரத்தப்போக்குக்குத்தான் வலுவான தொடர்பு தெரிகிறது. முதன்மை நோக்கத்தை மாற்றிவிடலாமா?

கூடாது. பத்துப் பன்னிரண்டு காரணிகளைச் சோதித்தால் அவற்றில் ஒன்று தற்செயலாகவே 0.05க்குக் கீழே வந்து நிற்கக்கூடும். அதைப் பின்னால் போய் முதன்மைக் கருதுகோளாக உட்காரவைத்தால், முன்கூட்டியே சொல்லிச் சோதித்ததாகப் படிப்பவர் நம்பிவிடுவார். முதன்மைக் கருதுகோளின் முடிவை, அது எப்படி வந்திருந்தாலும், முதலில் எழுதுங்கள். மாதவிலக்கு பற்றிய கண்டுபிடிப்பைத் தனித் தலைப்பில், தரவைப் பார்த்த பிறகு எழுந்தது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். அதுவே அடுத்த ஆண்டு மாணவர் ஒருவருக்கு ஆய்வு வினாவாக அமையக்கூடும். தரவு சேகரிப்பு தொடங்குவதற்கு முன்பே மாற்றம் தேவை என்று தெரிந்தால், எத்திக்ஸ் கமிட்டியிடம் திருத்தம் கோரி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம்.